ஆறு பென்ஸ் பந்தயம்

1960-இல் டோனி ஹோர் என்ற இளைஞர் இங்கிலாந்தில் எல்லியட் பிரதர்ஸ் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். 1934-இல் கொழும்பில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் படித்தது கிரேக்கம், லத்தீன், தத்துவம். கடற்படையில் கட்டாய சேவை செய்த காலத்தில் ரஷ்ய மொழி கற்றார். கம்பெனியில் அவருக்குக் கிடைத்த முதல் வேலைகளில் ஒன்று, ஷெல்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறையை எல்லியட் 803 இயந்திரத்துக்கு எழுதித் தருவது. எழுதிக் கொடுத்துவிட்டு, இதைவிட வேகமான முறை ஒன்று தனக்குத் தெரியும் என்று தன் மேலதிகாரி பாட் ஷாக்கிள்டனிடம் சொன்னார். அவர் நம்பவில்லை. ஆறு பென்ஸ் பந்தயம் கட்டினார். ஹோர் விளக்கினார், ஷாக்கிள்டன் தோற்றார். ஹோர் சொன்ன முறைதான் குயிக்சார்ட்.

அதே கம்பெனியிலிருந்து 1964-இல் ஹீப்சார்ட் வந்தது. மெர்ஜ்சார்ட் இவ்விரண்டுக்கும் பதினைந்து, இருபது வருஷம் மூத்தது, அமெரிக்காவில் பிறந்தது. கல்லூரியில் இந்த மூன்றையும் ஓர் அட்டவணையாகப் படிக்கிறோம்: சராசரியாக எத்தனை ஒப்பீடு, மிக மோசமான நிலையில் எத்தனை, கூடுதல் மெமரி வேண்டுமா, ஸ்டேபிளா இல்லையா. தேர்வுக்கு முந்தின இரவு மனப்பாடம் செய்து மறுவாரம் மறந்துபோகும் அட்டவணை அது. அதன் ஒவ்வொரு கட்டமும் அந்தந்த முறை பிறந்த இயந்திரத்தில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பதிலிருந்து வந்தது. அதைத் தெரிந்துகொண்டால் மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

மூத்ததிலிருந்து வருவோம். கம்ப்யூட்டருக்கு முன்பே அலுவலகங்களில் வரிசைப்படுத்தும் இயந்திரங்கள் இருந்தன. துளையிட்ட அட்டைகளை ஒரு பக்கம் அடுக்கி வைத்தால், இயந்திரம் ஏதேனும் ஒரு பத்தியில் உள்ள துளையைப் பார்த்து, அட்டையை 0 முதல் 9 வரையிலான பெட்டிகளில் ஒன்றில் போடும். ஒரு தடவைக்கு ஒரே ஓர் இலக்கத்தைத்தான் அதனால் பார்க்க முடியும். ஆகவே கடைசி இலக்கத்திலிருந்து தொடங்குவார்கள். 42, 17, 12, 47 என்று நான்கு அட்டைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒன்றாம் இலக்கம்: 2 உள்ளவை 42, 12, 7 உள்ளவை 17, 47. பெட்டிகளை வரிசையாக எடுத்து அடுக்கினால் 42, 12, 17, 47. இப்போது பத்தாம் இலக்கம்: 1 உள்ளவை 12, 17; 4 உள்ளவை 42, 47. எல்லாம் சேர்ந்து 12, 17, 42, 47. முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டாம் சுற்று. 12-க்கும் 17-க்கும் பத்தாம் இலக்கம் ஒன்றே. அந்தச் சுற்றைப் பொறுத்தவரை இரண்டும் சமம். 12 முன்னால் விழுந்ததற்குக் காரணம், முதல் சுற்றில் அது முன்னால் வந்திருந்ததும், இயந்திரம் அந்த முன்பின்னைக் கலைக்காமல் வைத்திருந்ததும்தான். கலைத்திருந்தால் முதல் சுற்றின் உழைப்பு முழுவதும் வீண். சமமானவற்றின் பழைய முன்பின் மாறாமல் இருப்பதைத்தான் ஸ்டேபிள் என்கிறோம். அட்டை இயந்திரத்தில் அது ஒரு கூடுதல் வசதி அல்ல. அது இல்லாமல் அந்த முறையே ஓடாது.

1930-களின் இறுதியில் ஐபிஎம், கொலேட்டர் என்ற இன்னோர் இயந்திரத்தையும் கொண்டுவந்தது. ஏற்கெனவே அடுக்கிய இரண்டு அட்டைக் கட்டுகளைக் கொடுத்தால், இரண்டின் மேலட்டையையும் ஒப்பிட்டு, சிறியதை எடுத்து, ஒரே கட்டாகச் சேர்த்துத் தரும். 1945-இல் ஜான் வான் நாய்மன் தன் மனதில் இருந்த எட்வாக் என்ற கம்ப்யூட்டருக்கு ஒரு புரோகிராம் எழுதிப் பார்த்தபோது, இந்த வேலையைத்தான் எடுத்துக்கொண்டார். எட்வாக் அப்போது கட்டப்படவில்லை. கணக்குப் போடுவதற்காக வடிவமைத்த கட்டளைகளை வைத்துக்கொண்டு, கணக்கல்லாத ஒரு வேலையையும் செய்துவிட முடியுமா என்று சோதிப்பதே அவர் நோக்கம். மையால் எழுதிய 23 பக்கக் கையெழுத்துப் பிரதி அது. டொனால்ட் நூத் 1970-இல் அதை வரிக்கு வரி ஆராய்ந்து கட்டுரை எழுதினார்.

எட்வாக்கின் மெமரி பாதரசக் குழாய்களால் ஆனது. தகவல் ஒலித் துடிப்பாக ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளிவரும். மீண்டும் உள்ளே போகும். நடுவில் இருக்கும் ஓர் எண் வேண்டுமென்றால் அது முனைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அங்கே ஓரிடம், இங்கே ஓரிடம் என்று தாவும் முறை இந்த மெமரியில் பாடாய்ப்படும். மெர்ஜ்சார்ட் தாவுவதே இல்லை. இரண்டு பட்டியல்களையும் தலையிலிருந்து வரிசையாகப் படிக்கிறது, மூன்றாவது பட்டியலை வரிசையாக எழுதுகிறது.

61, 26, 73, 40, 9, 18, 52 என்ற ஏழு எண்களைக் கடைசிவரை துணைக்கு வைத்துக்கொள்வோம். மெர்ஜ்சார்ட் இதை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் அதே வழியில் அடுக்கிய பின், கையில் இருப்பவை 26, 40, 61, 73 என்ற ஒரு பட்டியலும் 9, 18, 52 என்ற இன்னொன்றும். தலைகளை ஒப்பிடு: 26-ஆ 9-ஆ? 9 போகிறது. 26-ஆ 18-ஆ? 18 போகிறது. அடுத்து 26, பிறகு 40, பிறகு 52. வலப்பக்கம் தீர்ந்துவிட்டது, 61-உம் 73-உம் ஒப்பீடே இல்லாமல் வந்து சேர்கின்றன. இந்தச் சேர்ப்புக்கு ஐந்து ஒப்பீடு.

மூல எண்கள் எப்படி இருந்தாலும் பாதிபாதியாகப் பிரிப்பது மாறாது. பத்து லட்சம் எண்களை இருபது தடவை பாதியாக்கினால் ஒன்றொன்றாகிவிடும். ஒவ்வொரு மட்டத்திலும் அதிகபட்சம் பத்து லட்சம் ஒப்பீடு. ஆக இரண்டு கோடிக்கு மேல் போகாது. எவ்வளவு மோசமான பட்டியலைக் கொடுத்தாலும் இதுதான் கூரை. பதிலாக அது கேட்பது இடம். சேர்த்த பட்டியலை எழுத இன்னொரு பட்டியல் அளவுக்கு மெமரி வேண்டும். அட்டைக் காலத்தில் அந்த இடம் ஒரு காலித் தட்டு. கம்ப்யூட்டரில் அது பெரும் செலவு.

இப்போது ஹோருக்குத் திரும்பலாம். குயிக்சார்ட் அவருக்குத் தோன்றியது எல்லியட் கம்பெனியில் அல்ல, மாஸ்கோவில். 1959-60-இல் அவர் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் கொல்மொகோரோவிடம் நிகழ்தகவு படிக்கும் மாணவர். அப்போது ரஷ்ய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு இயந்திர மொழிபெயர்ப்பு என்ற சிக்கலில் மனம் வைத்திருந்தார். பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் அந்த வேலைக்கு அவரை அழைத்திருந்தது. அகராதி ஒரு நீண்ட காந்த நாடாவில் அகரவரிசையில் இருக்கும். வாக்கியத்தில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் நாடாவை முன்னும் பின்னும் ஓட்டினால் ஒரு வாக்கியத்துக்கே நேரம் போய்விடும். வாக்கியத்தின் சொற்களை முதலில் அகரவரிசையில் அடுக்கிவிட்டால், நாடாவை ஒரே தடவை ஓட்டி எல்லாச் சொல்லையும் பார்த்துவிடலாம். அந்த அடுக்கும் வேலைக்கு ஹோர் முதலில் நினைத்தது, பக்கத்துப் பக்கத்தில் உள்ளவற்றை மாற்றிக்கொண்டே போகும் முறை. அதற்குச் சொற்களின் எண்ணிக்கையின் வர்க்கத்தைப் போல நேரம் ஆகும் என்று உடனே தெரிந்துவிட்டது. இரண்டாவதாக நினைத்ததுதான் குயிக்சார்ட்.

அதன் உயிர் பிரிப்பதில் இருக்கிறது. நம் ஏழு எண்களில் ஏதேனும் ஒன்றை நடுவராக எடுத்துக்கொள். 40 என்று வைப்போம். இடமிருந்து ஒரு விரல், வலமிருந்து ஒரு விரல். இட விரல் 40-ஐ விடப் பெரியதைக் கண்டால் நிற்கும். வல விரல் 40-ஐ விடச் சிறியதைக் கண்டால் நிற்கும். முதலில் இடது 61-இல் நிற்கிறது. வலது 52-ஐத் தாண்டி 18-இல் நிற்கிறது. இரண்டையும் இடம் மாற்று.

```
61 26 73 40  9 18 52
18 26 73 40  9 61 52
18 26  9 40 73 61 52
```

பிறகு இடது 73-இல், வலது 9-இல். மாற்று. விரல்கள் ஒன்றையொன்று தாண்டிவிட்டன. இரண்டே மாற்றத்தில் 40-க்கு இடப்பக்கம் எல்லாம் சிறியவை, வலப்பக்கம் எல்லாம் பெரியவை, 40 தன் நிரந்தர இடத்தில். இனி இடப்பக்க மூன்றும் வலப்பக்க மூன்றும் தனித்தனி வேலை. இன்னொரு பட்டியலுக்கு இடம் கேட்கவே இல்லை. மாஸ்கோ மாணவரின் மனதில் இருந்தது சின்ன மெமரி கொண்ட இயந்திரம். முறையும் அதற்கேற்ப அமைந்தது.

ஆனால் அதை எழுதுவது அவருக்கே கைகூடவில்லை. மெர்க்குரி ஆட்டோகோட் என்ற மொழியில் எழுத உட்கார்ந்தவர், பிரிக்கும் பகுதியை எழுதிவிட்டார். பிரித்த பின் இன்னும் கைவைக்காத துண்டுகள் குவிந்துகொண்டே போகின்றனவே, அவற்றை எப்படிக் கணக்கு வைப்பது என்பதில் சிக்கிக்கொண்டார். விடை 1961-இல் பிரைட்டன் நகரில் கிடைத்தது. அங்கே நவுர், டைக்ஸ்ட்ரா, லாண்டின் மூவரும் ஆல்கால் 60 மொழியைப் பற்றிப் பாடம் எடுத்தார்கள். ஒரு செயல்முறை தன்னைத் தானே அழைத்துக்கொள்ளலாம் என்று அந்த மொழி அனுமதித்தது. துண்டுகளின் கணக்கை மொழியே பார்த்துக்கொள்ளும். குயிக்சார்ட் சில வரிகளில் அடங்கியது. அந்த ஆண்டு ஜூலையில், அமெரிக்கக் கம்ப்யூட்டர் சங்கத்தின் மாத இதழில் 64-ஆம் அல்காரிதமாக அது வெளிவந்தது. பிரிக்கும் பகுதி மட்டும் தனியாக 63.

அடுத்த ஆண்டு விரிவான கட்டுரை ஒன்றை எழுதினார். அதில் எல்லியட் 405 இயந்திரத்தில் குயிக்சார்ட்டையும் மெர்ஜ்சார்ட்டையும் ஓட்டிய நேரங்களின் சிறு அட்டவணை இருக்கிறது. ஆயிரம் உருப்படிகளுக்கு மெர்ஜ்சார்ட் 4 நிமிடம் 48 நொடி, குயிக்சார்ட் 3 நிமிடம் 8 நொடி. இரண்டாயிரத்துக்குக் குயிக்சார்ட் 6 நிமிடம் 47 நொடி. மெர்ஜ்சார்ட்டுக்கு 11 நிமிடம் என்று போட்டு, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அந்த எண் சூத்திரத்தால் கணக்கிட்டது. இரண்டாயிரம் உருப்படிகளையும் மெர்ஜ்சார்ட் கேட்கும் கூடுதல் இடத்தையும் சேர்த்து வைக்க 405-இல் மெமரி இல்லை. அந்த நட்சத்திரக் குறியைப் பார்த்தால் போதும், குயிக்சார்ட் அன்று ஏன் அப்படிக் கொண்டாடப்பட்டது என்று விளங்கிவிடும். போட்டியாளர் மெதுவாக ஓடியது ஒரு பக்கம். மைதானத்துக்குள்ளேயே வர முடியவில்லை என்பது இன்னொரு பக்கம்.

நடுவரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. 40 நல்ல நடுவர். பட்டியலைச் சமமாகப் பிரித்தது. 9-ஐ எடுத்திருந்தால்? ஒரு பக்கம் ஒன்றுமில்லை, இன்னொரு பக்கம் ஆறு. ஏற்கெனவே அடுக்கிய 9, 18, 26, 40, 52, 61, 73 என்ற பட்டியலைக் கொடுத்து, எப்போதும் முதல் எண்ணையே நடுவராக எடுத்தால் ஒவ்வொரு சுற்றிலும் இதுவே நடக்கும். ஒப்பீடுகள் 6, 5, 4, 3, 2, 1, மொத்தம் 21. ஏழில் அது பெரிதாகத் தெரியாது. பத்து லட்சத்தில் அது ஐம்பதாயிரம் கோடி ஒப்பீடு. நொடிக்குப் பத்துக் கோடி ஒப்பீடு செய்யும் இயந்திரத்தில் ஒரு மணி நேரம் இருபத்துமூன்று நிமிடம். நல்ல நாளில் அதே பட்டியல் அரை நொடிக்குள் முடியும். சராசரியாகக் குயிக்சார்ட்டுக்கு மூன்று கோடிக்கும் குறைவான ஒப்பீடுதான்.

இதில் கொடுமை என்னவென்றால், அடுக்கிய பட்டியல் என்பது அரிதான ஒன்றல்ல. நேற்று அடுக்கிய கோப்பில் இன்று நான்கு வரி சேர்த்து மறுபடி அடுக்குவதுதான் உலகத்து வழக்கம். ஹோருக்கு இது தெரிந்திருந்தது. 1961-இல் அச்சான 63-ஆம் அல்காரிதத்திலேயே நடுவர் எண்ணைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கும் வரி இருக்கிறது. கொல்மொகோரோவிடம் நிகழ்தகவு படித்தவரல்லவா! தற்செயலாக எடுத்தால், எந்தக் குறிப்பிட்ட பட்டியலும் எப்போதும் கெட்டதாக இருக்க முடியாது. இன்னொன்றும் சொல்லியிருந்தார்: பிரித்த இரண்டில் பெரிய துண்டை ஒதுக்கி வைத்துச் சிறியதை முதலில் முடி என்று. அப்படிச் செய்தால் காத்திருக்கும் துண்டுகள் பத்து லட்சம் எண்களுக்குக்கூட இருபதைத் தாண்டாது. மெமரி தீர்ந்து புரோகிராம் விழுவதில்லை. பின்னால் வந்தவர்கள் பலர், தற்செயல் எண் உண்டாக்குவது செலவு என்று அந்த வரியை எடுத்துவிட்டு, முதல் எண்ணையோ நடு எண்ணையோ வைத்தார்கள். பிறந்தபோதே கையோடு வந்த மருந்து வளர்ப்பில் தொலைந்துபோனது. குயிக்சார்ட்டின் வரலாற்றில் எனக்கு ஆற்றாமை தருவது இந்த இடம்தான்.

தொலைந்ததன் விலை 1991-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் தெரிந்தது. ஆலன் வில்க்ஸ், ரிக் பெக்கர் என்ற இருவர், சில நிமிடத்தில் முடிய வேண்டிய `qsort` அழைப்பு ஒன்று மணிக்கணக்காக ஓடுவதைக் கண்டார்கள். நிறுத்தாமல் விட்டிருந்தால் வாரக்கணக்கில் ஓடியிருக்கும். பட்டியலை ஆராய்ந்தார்கள். 1, 2, 3 என்று ஏறிப் பாதியில் உச்சிக்குப் போய், வந்த வழியே 3, 2, 1 என்று இறங்கும் வடிவம் ஒன்றுக்கு அந்த `qsort` வர்க்கமாக நேரம் எடுத்தது. ஆண்டுக்கணக்காக உலகமெங்கும் ஓடிக்கொண்டிருந்த கோடு அது. இந்தச் சம்பவத்தால் ஜான் பென்ட்லியும் டக் மக்கில்ராயும் புதிய `qsort` ஒன்றை எழுதி 1993-இல் வெளியிட்டார்கள். பெரிய பட்டியலில் ஒன்பது எண்களைப் பார்த்து, அவற்றிலிருந்து நடுவரைத் தேர்ந்தெடுக்கும் முறை அதில் இருந்தது.

அதுவும் முழுக் காப்பு அல்ல என்று நிரூபித்தவர் மக்கில்ராயே. 1999-இல் அவர் எழுதிய சிறு கட்டுரையில், ஒப்பிடும் ஃபங்ஷனையே எதிரியாக்கிக் காட்டினார். தொடக்கத்தில் எந்த எண்ணுக்கும் மதிப்பு கிடையாது. குயிக்சார்ட் இரண்டை ஒப்பிடக் கேட்கும்போதுதான், எந்த எண் நடுவராக இருக்கக்கூடும் என்று ஊகித்து, அதற்கு இருப்பதிலேயே சிறிய மதிப்பைத் தருகிறது. ஆக எந்த நடுவரை எடுத்தாலும் அது மோசமான நடுவராகிவிடும். ஓட்டம் முடிந்ததும் தந்த மதிப்புகளை வரிசையாக எழுதினால், அந்தக் குறிப்பிட்ட நூலகத்தைத் திணறடிக்கும் பட்டியல் கையில் இருக்கும். உங்கள் நூலகம் பிழைக்குமா என்று பார்க்க இன்றும் இதைவிடச் சுருக்கமான சோதனை இல்லை. எண்ணிக்கையை இரட்டிப்பாக்கி ஓட்டிப் பாருங்கள். நேரம் இரண்டு மடங்குக்குச் சற்று மேலே போனால் நலம், நான்கு மடங்கானால் வர்க்கத்தில் விழுந்துவிட்டீர்கள்.

இதற்கெல்லாம் மருந்து எல்லியட் கம்பெனியில் 1964-இலேயே இருந்தது. ஜே. டபிள்யூ. ஜே. வில்லியம்ஸ் அங்கிருந்து வெளியிட்ட 232-ஆம் அல்காரிதம் ஹீப்சார்ட். குயிக்சார்ட் போலக் கூடுதல் பட்டியல் கேட்காது. மெர்ஜ்சார்ட் போல எந்தப் பட்டியலிலும் கூரையைத் தாண்டாது. அதே ஆண்டு டிசம்பரில் ராபர்ட் ஃப்ளாய்ட் அதைச் செதுக்கி, முழுக்க ஒரே அரேக்குள் நடக்கும் வடிவைத் தந்தார். இன்று நாம் படிப்பது ஃப்ளாய்டின் வடிவம்.

வில்லியம்ஸின் சாமர்த்தியம், ஒரு மரத்தைச் சுட்டிகளே இல்லாமல் அரேக்குள் வைத்தது. 1-ஆம் இடத்தின் பிள்ளைகள் 2, 3-ஆம் இடங்கள். 2-இன் பிள்ளைகள் 4, 5. 3-இன் பிள்ளைகள் 6, 7. பெற்றவர் எப்போதும் பிள்ளைகளை விடச் சிறியவராக இருக்கக் கூடாது என்பது ஒன்றே விதி. நம் ஏழு எண்களில் கீழிருந்து தொடங்குவோம். 3-ஆம் இடத்தில் 73. பிள்ளைகள் 18, 52. சரி. 2-ஆம் இடத்தில் 26. பிள்ளைகள் 40, 9. 40 பெரியது, இடம் மாற்று. 1-ஆம் இடத்தில் 61. பிள்ளைகள் 40, 73. 73 மேலே வருகிறது, 61 கீழே இறங்குகிறது.

```
61 26 73 40  9 18 52
61 40 73 26  9 18 52
73 40 61 26  9 18 52
```

உச்சியில் இருப்பதே எல்லாவற்றிலும் பெரியது. அதைக் கடைசி இடத்து 52-உடன் மாற்று. 73 தன் நிரந்தர இடத்துக்குப் போய்விட்டது. உச்சிக்கு வந்த 52-ஐ, 61 மேலே வரும்படி ஒரு படி இறக்கினால் அடுத்த பெரிய எண் உச்சியில் தயார். இப்படியே கடைசிவரை. ஒவ்வோர் எண்ணும் இறங்குவது மரத்தின் உயரம் அளவுக்குத்தான். பத்து லட்சத்துக்கு இருபது படிக்குள்.

இவ்வளவு நல்ல முறை ஏன் மற்ற இரண்டையும் விரட்டிவிடவில்லை? படிக்கு இரண்டு ஒப்பீடு என்பது ஒரு காரணம்: பிள்ளைகளில் பெரியவர் யார், அவர் என்னை விடப் பெரியவரா. பெரிய காரணம் பின்னால் வந்தது. இன்றைய பிராசஸர் மெமரியைத் துண்டு துண்டாகப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்கிறது. குயிக்சார்ட்டின் இரண்டு விரல்களும் அடுத்தடுத்த இடங்களைப் பார்ப்பதால், தேடும் எண் பெரும்பாலும் ஏற்கெனவே பக்கத்தில் இருக்கும். ஹீப்சார்ட் 1,000-ஆம் இடத்திலிருந்து 2,000-க்கும் அங்கிருந்து 4,000-க்கும் தாவுகிறது. பட்டியல் பெரிதாக ஆக ஒவ்வொரு தாவலுக்கும் காத்திருப்பு. பாதரசக் குழாயின் பழைய குணம் வேறொரு வடிவில் திரும்பி வந்து, தாவாமல் நடப்பவற்றுக்கே வெகுமதி தந்தது.

எனவே ஹீப்சார்ட்டுக்குக் கிடைத்த வேலை காவல். 1997-இல் டேவிட் மசர் ஒரு யோசனை சொன்னார். குயிக்சார்ட்டையே ஓட்டு, எத்தனை மட்டம் ஆழமாகப் பிரிந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டே வா. பத்து லட்சம் எண்களுக்கு நல்லபடியாகப் பிரிந்தால் இருபது மட்டம். அதன் இரு மடங்கான நாற்பதைத் தாண்டினால் ஏதோ கெட்டுவிட்டது என்று பொருள். அந்தத் துண்டை மட்டும் ஹீப்சார்ட்டிடம் கொடுத்துவிடு. சாதாரண நாளில் குயிக்சார்ட்டின் வேகம், கெட்ட நாளில் ஹீப்சார்ட்டின் கூரை. `C++` மொழியின் தரவிதி, `std::sort` எந்தப் பட்டியலிலும் வர்க்கத்துக்குப் போகக் கூடாது என்று 2011-இல் கட்டாயமாக்க முடிந்ததற்கு இந்த இன்ட்ரோசார்ட்தான் அடிப்படை. ஒரே கம்பெனியில் பிறந்த இரண்டு முறைகளை ஒன்றாகக் கட்டிவைக்க முப்பத்துமூன்று வருஷம் ஆகியிருக்கிறது.

ஆனால் இந்தக் கூட்டணியாலும் தர முடியாத ஒன்று உண்டு: அட்டை இயந்திரம் காப்பாற்றி வந்த அந்த முன்பின். 4அ, 4ஆ, 1 என்று மூன்று உருப்படிகளை எடுத்துக்கொள்வோம். 4அ-வும் 4ஆ-வும் சம மதிப்பு. 4அ முன்னால் வந்தது. ஹீப்சார்ட்டில் உச்சியில் இருக்கும் 4அ நேரே கடைசி இடத்துக்குப் போகிறது: 1, 4ஆ, 4அ. முன்பின் கவிழ்ந்துவிட்டது. குயிக்சார்ட்டில் 1 நடுவரானால், இடக்கோடியின் 4அ வலக்கோடியின் 1-உடன் இடம் மாறுகிறது. அங்கும் அதே முடிவு. இரண்டும் தூரத்துக்கு ஒரே தாவாகத் தூக்கிப் போடுகின்றன. நடுவில் தாண்டிப்போனவற்றில் தனக்குச் சமமானது இருந்ததா என்று பார்ப்பதில்லை. இடம் கேட்காமல் இருந்த இடத்திலேயே மாற்றிக்கொள்வதற்குக் கொடுக்கும் விலை இது.

மெர்ஜ்சார்ட் 4அ-வை ஒரு பக்கமும், அடுக்கிய 1, 4ஆ-வை இன்னொரு பக்கமும் வைத்துச் சேர்க்கிறது. 1 போகிறது. பிறகு 4அ-வா 4ஆ-வா? சமம் என்றால் இடப்பக்கத்தை எடு என்று எழுதியிருந்தால் 1, 4அ, 4ஆ. முன்பின் பிழைத்தது. அந்தப் பிழைப்பு ஒரே ஒரு குறியில் தொங்குகிறது:

```c
if (a[i] <= b[j]) out[k++] = a[i++];
else              out[k++] = b[j++];
```

`<=` இருக்கும் இடத்தில் `<` என்று எழுதினால், சமமானவற்றில் வலப்பக்கத்தது முந்தும். எண்கள் சரியாகவே அடுக்கப்படும், வழக்கமான எந்தச் சோதனையும் தோற்காது, ஸ்டேபிள் மட்டும் போய்விடும்.

சோதனையில் தெரியாமல் போவதுதான் இதன் இயல்பு. குரோம் பிரவுசரின் V8 இயந்திரம் 2018 வரை பத்து உருப்படிகள்வரை உள்ள அரேக்களை ஸ்டேபிளான வேறொரு எளிய முறையால் அடுக்கியது; பத்தைத் தாண்டினால் குயிக்சார்ட். பெயர்வாரியாக இருக்கும் மாணவர் பட்டியலை மதிப்பெண்வாரியாக அடுக்கும் பக்கம் ஒன்றை எட்டுப் பேரை வைத்துச் சோதித்தால், சம மதிப்பெண் பெற்றவர்கள் பெயர்வரிசையிலேயே நிற்பார்கள். நாற்பது பேர் உள்ள வகுப்பில் போட்டதும் கலைந்துவிடும். புகார் வந்தாலும் எழுதியவருக்குத் தன் சிறிய பட்டியலில் பிழை தெரியவே தெரியாது. இதைக் கண்டுபிடிக்க, சில நூறு உருப்படிகளில் இரண்டு மூன்று மதிப்பு மட்டும் திரும்பத் திரும்ப வரும்படி ஒரு பட்டியல் செய்து, ஒவ்வொன்றுக்கும் அது வந்த வரிசை எண்ணை ஒட்டிவைத்து அடுக்க வேண்டும். ஒரே மதிப்புக்குள் ஒட்டிய எண்கள் ஏறுவரிசையில் இல்லையென்றால் முறை ஸ்டேபிள் அல்ல. V8 இப்போது டிம்சார்ட்டுக்கு மாறிவிட்டது. 2002-இல் டிம் பீட்டர்ஸ் பைத்தானுக்காக எழுதிய அது மெர்ஜ்சார்ட்டின் நேர் வாரிசு. ஜாவாஸ்கிரிப்ட் தரவிதியும் 2019 முதல் ஸ்டேபிளைக் கட்டாயமாக்கிவிட்டது.

C மொழி எதையும் கட்டாயமாக்கவில்லை. அதன் `qsort` எந்த முறையில் ஓட வேண்டும் என்றோ ஸ்டேபிளாக இருக்க வேண்டும் என்றோ தரவிதியில் ஒரு சொல்கூட இல்லை. லினக்ஸில் பெரும்பாலும் பயன்படும் glibc நூலகத்தில் பல காலமாக அதற்குள் இருந்தது மெர்ஜ்சார்ட். பட்டியல் மெமரிக்குப் பெரிதாக இருந்தால் மட்டும் குயிக்சார்ட். 2023 அக்டோபரில் நூலகத்தைப் பராமரிப்பவர்கள் மெர்ஜ்சார்ட்டை எடுத்துவிட்டு இன்ட்ரோசார்ட்டை வைத்தார்கள். காரணம் நியாயமானது: `qsort` கூடுதல் மெமரி கேட்க வேண்டியதில்லை, மோசமான நிலைக்கும் கூரை உண்டு. ஆனால் தெரிந்தோ தெரியாமலோ முன்பின் மாறாது என்று நம்பி எழுதிய புரோகிராம்கள் பல இருந்தது அப்போதுதான் வெளிப்பட்டது. 2024 ஜனவரியில், 2.39 பதிப்பு வெளியாவதற்கு முன்பே, மெர்ஜ்சார்ட்டைத் திருப்பி வைத்தார்கள். கூடுதல் மெமரி கிடைக்காதபோது மட்டும் ஹீப்சார்ட் ஓடும்.

ஆகவே இன்றும் மெமரி தட்டுப்பாடான ஓர் இயந்திரத்தில் அதே `qsort`, அதே பட்டியலை, சமமானவற்றின் முன்பின்னைக் கலைத்துத் தரலாம். எச்சரிக்கை எதுவும் வராது. முன்பின் முக்கியமென்றால் அதை நூலகத்திடம் விடாமல் ஒப்பீட்டிலேயே எழுதிவிடுவது நல்லது. அடுக்குமுன் ஒவ்வோர் உருப்படிக்கும் அதன் வரிசை எண்ணை `seq` என்று ஒட்டிவைத்து,

```c
if (x->marks != y->marks)
    return x->marks < y->marks ? -1 : 1;
return x->seq < y->seq ? -1 : x->seq > y->seq;
```

என்று எழுதினால் சமமான இரண்டு என்ற நிலையே வராது. உள்ளே ஓடுவது மூன்றில் எதுவானாலும் ஒரே விடைதான் வரும். செலவு உருப்படிக்கு ஓர் எண், மதிப்பு சமமாகும்போது மட்டும் இன்னோர் ஒப்பீடு.